முன் ஷாக்கின் எண்ணெயும் இரண்டரை மில்லிமீட்டர் துளையும்

கேள்வி: என் 125 சிசி பைக்கின் முன் ஷாக்கில் ஆயில் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். குலுக்கலைத் தாங்குவது ஸ்பிரிங்தானே? உள்ளே இருக்கும் அந்தக் கொஞ்சம் எண்ணெய் அப்படி என்ன செய்கிறது? கெட்டியான என்ஜின் ஆயிலை ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்குமா?

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், நீங்கள் நினைப்பது சரி. ஆனால் ஸ்பிரிங்குக்கு வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது. சக்கரம் மேட்டில் ஏறும்போது எவ்வளவு ஆற்றலை வாங்கி அமுங்குகிறதோ, அதை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தள்ளிவிடும். வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பும், தன் எடையால் மறுபடி இறங்கும், ஸ்பிரிங் மறுபடி தள்ளும். அந்த ஆற்றலை எங்கேயாவது கொண்டுபோய்த் தீர்க்காத வரையில் இந்த ஊஞ்சல் நிற்காது. தீர்க்கும் வேலைதான் எண்ணெயுடையது. அது ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. வெப்பமான பிறகு அது திரும்பி வந்து வண்டியைத் தூக்காது.

எவ்வளவு ஆற்றல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டி அளவுள்ள ஒரு பைக்கில், ஓட்டுபவரையும் சேர்த்து, முன் ஸ்பிரிங்குகளின் மேல் 90 கிலோ உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ 1.2 கிலோ எடை தேவை என்று கொள்வோம். வேகத்தடையில் ஏறியதில் வழக்கமான நிலையைவிட 6 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினால், ஊசலாட்டத்தில் சேரும் ஆற்றல் சுமார் 20 ஜூல். இரண்டு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செலவாகும் ஆற்றல் அது. எண்ணெய் இல்லாவிட்டால் இந்த 20 ஜூலை வைத்துக்கொண்டு வண்டி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டே போகும். சீல், புஷ் ஆகியவற்றின் உராய்வு அதை மெல்ல மெல்லத்தான் அடக்கும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் முன்டயர் சாலையை அழுத்தும் விசை குறைகிறது. அந்த நேரம் பார்த்து பிரேக் பிடித்தாலோ வளைவில் திரும்பினாலோ டயருக்குப் பிடி இருக்காது. ஆகவே இது சொகுசுக்கான ஏற்பாடு மட்டும் அல்ல.

இனி உள்ளே போய்ப் பார்ப்போம். நாம் முன் ஷாக் என்று சொல்லும் முன் ஃபோர்க்கில், சாதாரண பைக்கைப் பொறுத்தவரை, மூன்று பகுதிகளைப் புரிந்துகொண்டால் போதும். மேலே ஹேண்டில்பாருடன் சேர்ந்து நிற்கும் பளபளப்பான குழாய் ஒன்று, அதை ஃபோர்க் பைப் என்போம். அது கீழே அலுமினியத்தாலான பாட்டம் கேஸுக்குள் நுழைந்து ஏறி இறங்கும். சக்கரத்தின் அச்சு இந்தப் பாட்டம் கேஸில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது பகுதி வெளியே தெரியாது. பாட்டம் கேஸின் அடியில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டு, ஃபோர்க் பைப்பின் உள்ளே நேராக எழுந்து நிற்கும் மெல்லிய குழாய் அது. நடுத்தண்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் தலையில் பிஸ்டன் போல ஒரு புடைப்பும், அதைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். அந்த வளையம் ஃபோர்க் பைப்பின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டு நகரும். தண்டின் அடிப்பகுதியில் சில பெரிய துளைகள், தலைக்குச் சற்றுக் கீழே ஓரிரு சிறிய துளைகள். எண்ணெய் இவை அனைத்தையும் மூழ்கடித்து நிற்கிறது, அதற்கு மேலே காற்று.

இந்தத் தண்டை முதன்முதலில் கழற்றிப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். வால்வு, பொறி என்று எதையோ எதிர்பார்த்திருப்பார்கள். கையில் வருவதோ துளையிட்ட ஒரு குழாய். நானும் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். துளைதான் அங்கே வேலை செய்கிறது, வேறு எதுவும் இல்லை.

சக்கரம் மேட்டில் ஏறும்போது பாட்டம் கேஸ் மேலே வருகிறது. ஃபோர்க் பைப்பின் அடி முனைக்குக் கீழே இருக்கும் எண்ணெய்க்கு இடம் குறைகிறது. அதில் ஒரு பகுதி, அடி முனையில் இருக்கும் ஒருவழி வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு, தண்டுக்கும் பைப்புக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளிக்குள் தடையில்லாமல் போய்விடும். மிச்சம் தண்டின் அடியிலுள்ள பெரிய துளைகள் வழியாக உள்ளே நுழைந்து மேலே ஏறும். ஆகவே அமுங்கும்போது எதிர்ப்பு குறைவு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும், ஏனென்றால் சக்கரம் மேட்டின் மேல் தடையில்லாமல் ஏறினால்தான் அந்த அடி கைக்கு வராது.

திரும்பி எழும்போதுதான் எண்ணெய் தன் முழு வேலையைச் செய்கிறது. ஸ்பிரிங் ஃபோர்க் பைப்பை மேலே தள்ள, பைப்பின் அடி முனை தண்டின் தலையை நோக்கி வருகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட எண்ணெயின் அழுத்தத்தில் ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். இப்போது அந்த எண்ணெய் வெளியேற மிஞ்சியிருக்கும் வழி, தலைக்குக் கீழே உள்ள சிறிய துளைதான்.

இங்கே கொஞ்சம் நின்று அளந்து பார்க்கலாம். ஃபோர்க் பைப்பின் உள் விட்டம் 26 மில்லிமீட்டர், தண்டின் வெளி விட்டம் 18 மில்லிமீட்டர் என்று கொண்டால், நடுவிலுள்ள வளைய இடைவெளியின் பரப்பு சுமார் 276 சதுர மில்லிமீட்டர். துளை ஒன்றுதான், விட்டம் 2.5 மில்லிமீட்டர் என்றால், அதன் பரப்பு 5 சதுர மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வளைய இடைவெளி துளையைப் போல 56 மடங்கு பெரியது. ஃபோர்க் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது நாம் ஒரு மேசை இழுப்பறையைச் சாதாரணமாக இழுக்கும் வேகத்தில் விரிகிறது என்றால், அந்தத் துளையில் எண்ணெய் அதைவிட 56 மடங்கு வேகமாகப் போயாக வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். நீங்கள் சாலையில் போகும் அதே வேகத்தில், அந்த இருட்டுக் குழாய்க்குள் எண்ணெய் ஒரு பீச்சாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது.

சும்மா கிடந்த எண்ணெயை 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றிவிட, துளைக்குப் பின்னால் அழுத்தம் வேண்டும். துளையில் ஏற்படும் நெருக்கலையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 3 வளிமண்டல அழுத்தம் வருகிறது. அந்த அழுத்தம் வளைய இடைவெளியின் பரப்பின் மேல் செயல்படும்போது கிடைக்கும் விசை ஃபோர்க்கின் ஒரு பக்கக் காலுக்கு சுமார் 8 கிலோ எடைக்குச் சமம், இரண்டு காலுக்கும் சேர்த்து 16 கிலோ. ஸ்பிரிங் விரியும்போது அதைப் பிடித்து இழுக்கும் கை இதுதான்.

அந்தப் பீச்சு என்னவாகிறது என்பதில்தான் உங்கள் கேள்வியின் விடை இருக்கிறது. துளையைத் தாண்டியதும் அது அசையாமல் நிற்கும் எண்ணெய்க்குள் போய் மோதுகிறது. மோதிய இடத்தில் சுழிகள் உண்டாகின்றன. பெரிய சுழி சின்னச் சுழிகளாக உடைகிறது, அவை இன்னும் சின்னவையாக உடைகின்றன. கடைசியில் எண்ணெயின் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி, அந்த ஓட்டம் முழுவதும் மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவாக, அதாவது வெப்பமாக முடிகிறது. துளையைத் தாண்டிப் போன எண்ணெய் அந்த வேகத்தைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்து ஃபோர்க்கைத் தள்ள வழியே இல்லை. ஸ்பிரிங்குக்கும் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒருவழிப் பயணம்தான்.

திரவத்தைக் கலக்கினால் சூடாகும் என்பதை மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840களில் அளந்து காட்டினார். கயிற்றில் கட்டிய எடை கீழே இறங்கும். அது இறங்கும்போது ஒரு பாத்திரத்துக்குள் இருக்கும் துடுப்பு நீரைக் கலக்கும். நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று அவர் நுணுக்கமாக அளந்தார். எடையைத் திரும்பத் திரும்ப இறக்கியும் ஏற்றம் அரை டிகிரிக்கும் குறைவு. நாம் மேலே கணக்கிட்ட ஆற்றலின் அளவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் ஜூலின் பாத்திரம்தான். இறங்கும் எடைக்குப் பதிலாக உங்கள் வண்டி, துடுப்புக்குப் பதிலாக ஒரு துளை.

அப்படியானால் முன் ஷாக் ஏன் சுடுவதில்லை என்று கேட்கலாம். இரண்டு காலிலும் சேர்ந்து 330 மில்லிலிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், அதை ஒரு டிகிரி சூடாக்க 540 ஜூல் போல வேண்டும். ஒரு வேகத்தடையின் 20 ஜூல் அதை 0.04 டிகிரிதான் ஏற்றும். விநாடிக்கு ஒரு மேடு என்று பத்து நிமிடம் விடாமல் மோசமான சாலையில் போனால் 12,000 ஜூல் சேரும். எதுவும் வெளியேறாவிட்டால் எண்ணெய் 22 டிகிரி சூடாகியிருக்கும். ஆனால் பாட்டம் கேஸின் அலுமினியம் அதில் பங்கு வாங்கிக்கொள்ளும், முன்னால் வரும் காற்று அலுமினியத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆகவே நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு இருந்தாலே அதிகம். பாலைவனப் பந்தய வண்டிகளின் பின் ஷாக்கில் நிலைமை வேறு. அங்கே ஒரே ஷாக் முழு வேலையையும் செய்கிறது, என்ஜினுக்குப் பக்கத்தில் காற்று படாமல் மறைந்திருக்கிறது. எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. அவற்றில் பக்கத்தில் தனியாக ஒரு சிறு உருளை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கூடுதல் எண்ணெய்க்கும், அது ஆறுவதற்கும், அழுத்தமேற்றிய நைட்ரஜனுக்கும் அது இடம் தருகிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கெட்டியான எண்ணெய் நல்லதா என்று சொல்வதற்கு முன், துளை எப்படி எதிர்க்கிறது என்பதைக் கையாலேயே உணர்ந்துவிடுங்கள். மருந்துக் கடையில் ஒரு 10 மில்லிலிட்டர் சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, தண்ணீரை இழுத்து மெதுவாகத் தள்ளுங்கள். தடையே தெரியாது. இப்போது ஒரே குத்தாகக் குத்துங்கள். கட்டை விரல் சுவரில் முட்டியது போல நிற்கும். துளை வழியே திரவம் போகும்போது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நம் ஃபோர்க்கில் விநாடிக்கு 30 சென்டிமீட்டரில் 8 கிலோ என்றால், 60 சென்டிமீட்டரில் 32 கிலோ, 10 சென்டிமீட்டரில் ஒரு கிலோகூட இல்லை. துளையிட்ட தண்டு உள்ள எல்லா ஃபோர்க்குகளின் குணமும் குறையும் இதுதான். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மெதுவாகக் கீழே போவதை இது அவ்வளவாகத் தடுக்காது. கூர்மையான பள்ளத்தில் சக்கரம் வேகமாக அடிபடும்போதோ தேவைக்கு மேல் இறுகி, அடியைக் கைக்கு அனுப்பிவிடும். விலை கூடிய வண்டிகளில் துளைக்கு மேல் மெல்லிய எஃகு வில்லைகளை அடுக்கி, அழுத்தம் கூடினால் அவை வளைந்து வழிவிடும்படி செய்திருப்பது இதற்காகத்தான். உங்கள் வண்டியில் அது இல்லை, அதனால் அதை விட்டுவிடுவோம்.

சிரிஞ்சில் இப்போது தேங்காய் எண்ணெயை இழுங்கள். ஊசி இல்லாமல் தள்ளினால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலான தடை இருக்கும், அவ்வளவுதான். ஊசியை மாட்டித் தள்ளிப் பாருங்கள், எண்ணெய் நகரவே மறுக்கும். தண்ணீரோ ஊசியோடும் போய்விடும். குட்டையான துளையில் எதிர்ப்பு பெரும்பாலும் திரவத்தின் எடையிலிருந்து, அதை வேகப்படுத்த வேண்டிய தேவையிலிருந்து வருகிறது; எண்ணெய்க்கு எண்ணெய் அந்த எடை அதிகம் மாறாது. நீண்டு குறுகிய வழியில்தான் கெட்டித்தன்மை ஆட்சி செய்கிறது. ஃபோர்க்கில் இரண்டு வகை வழியும் உண்டு. துளை ஒன்று, தண்டின் தலையிலுள்ள வளையத்துக்கும் பைப்பின் சுவருக்கும் நடுவே, மயிரிழை போன்ற கசிவு இடைவெளி இன்னொன்று. கெட்டியான எண்ணெய் துளையில் மிதமான மாற்றத்தையும், கசிவு இடைவெளியில் பெரிய மாற்றத்தையும் கொண்டுவருகிறது. அதனால் மெதுவான அசைவுகள்கூட இறுகிப்போகும். கையால் அழுத்திப் பார்ப்பவருக்கு ‘ஆகா, ஷாக் கெட்டியாகிவிட்டது’ என்று தோன்றும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

கோவில்பட்டியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓர் ஆசிரியர் வண்டி கொண்டுவந்தார். தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் சில கிலோமீட்டர் தூரம் தார் பெயர்ந்து, அலை அலையாகக் கிடக்கும் சாலை. “அண்ணாச்சி, போன மாதம்தான் வேறொரு இடத்தில் முன் ஷாக் ஆயில் மாற்றினேன். அதற்கு முன்னால் தலையாட்டும், அவ்வளவுதான். இப்போது அந்தச் சாலையில் டொக் டொக் என்று இரும்போடு இரும்பு மோதுகிறது” என்றார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்திவிட்டேன். அருமையாக, ஒரே சீராக, மெதுவாக எழுந்து நின்றது. இதைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஃபோர்க் பைப்பில் மெல்லிய நைலான் டை ஒன்றைச் சுற்றி, பாட்டம் கேஸின் சீலோடு ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு, அந்தச் சாலையில் ஒரு முறை போய்வரச் சொன்னேன். அமுங்கும்போது சீல் டையை மேலே தள்ளிக்கொண்டு போகும், எழும்போது டை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு ஆழம் போனது என்று அது காட்டிக்கொடுக்கும். நல்ல சாலையில் போனபோது 60 மில்லிமீட்டரில் நின்ற டை, அலைச் சாலையில் 120 மில்லிமீட்டரில், கடைசி எல்லையில் நின்றது. ஷாக் கெட்டியாக இருக்கிறது, ஆனால் அடி வரை போகிறது. முரண்பாடு போலத் தெரிந்தாலும் காரணம் எளிதானது.

அந்தச் சாலையில் மேடுகள் சுமார் இரண்டு மீட்டருக்கு ஒன்று. 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு நான்கு மேடு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கால் விநாடிகூட இல்லை. ஒரு மேட்டில் 6 சென்டிமீட்டர் அமுங்கிய ஃபோர்க், அடுத்த மேடு வருவதற்குள் அந்த 6 சென்டிமீட்டரையும் திரும்ப விரிந்துவிட வேண்டும், அதாவது விநாடிக்கு சுமார் 30 சென்டிமீட்டர் வேகத்தில். கெட்டியான எண்ணெய் அதை விரியவிடவில்லை. பாதி எழுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. அங்கிருந்து இன்னும் கீழே போனது. நான்கைந்து மேட்டுக்குள் ஃபோர்க் சுருங்கியபடியே ஓடத் தொடங்கி, அமுங்க இடமில்லாமல் அடியில் மோதியது. அமுங்குவது சுலபம், எழுவது கடினம் என்ற அந்த ஒருவழி வால்வின் ஏற்பாடு, எண்ணெய் தவறானதாக இருந்தால் இப்படி எதிராகத் திரும்பிவிடும்.

வடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு காலிலும் அளவு சரியாக இருந்தது, 160 மில்லிலிட்டருக்கு மேலேயே வந்தது. ஆனால் வந்தது 20W-50 என்ஜின் ஆயில். வழக்கமான 10W ஃபோர்க் எண்ணெயைவிட அது பல மடங்கு கெட்டி. ஃபோர்க்கை மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டு, அந்த வண்டியின் கையேட்டில் இருந்தபடி 10W ஃபோர்க் எண்ணெயை, காலுக்கு 165 மில்லிலிட்டர் ஊற்றினேன். கையால் அழுத்திப் பார்த்தபோது முன்னைவிட வேகமாக எழுந்து, ஒரு துளி மேலே போய், இறங்கி நின்றது. அவருக்கு அது முதலில் பிடிக்கவில்லை, “லூசாக இருக்கிறதே” என்றார். அதே சாலையில் போய்வந்தபோது டை 95 மில்லிமீட்டரில் நின்றிருந்தது. சத்தம் இல்லை.

என்ஜின் ஆயிலை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் நுரை. ஃபோர்க்கில் எண்ணெயும் காற்றும் ஒரே குழாயில் இருக்கின்றன, விநாடிக்குப் பலமுறை குலுக்கப்படுகின்றன. போதாததற்கு, ஃபோர்க் விரியும்போது அடியில் உருவாகும் வெற்றிடம் எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது; அந்தக் குறைந்த அழுத்தத்தில் எண்ணெயில் கரைந்திருந்த காற்றும் குமிழியாக வெளியே வரும். துளை வழியே எண்ணெய்க்குப் பதில் நுரை போனால் எதிர்ப்பு எங்கிருந்து வரும்? நுரைக்கு எடை இல்லை, அழுத்தினால் சுருங்கிக்கொள்ளும். மலைப்பாதையில் வேகமாக இறங்கிவந்த வண்டி, அடிவாரத்தில் தொய்ந்துபோய் அரை மணி நேரம் நின்ற பிறகு மறுபடி சரியாவது இதனால்தான். ஃபோர்க் எண்ணெயில் நுரையை அடக்கும் பொருள்களையும், சீலில் வழுக்கிப்போக உதவும் பொருள்களையும் சேர்த்திருப்பார்கள். என்ஜின் ஆயிலின் கலவை, எரிந்த கரியைச் சுமந்துகொண்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது.

அளவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கொஞ்சம் கூடவே ஊற்றுவோம்’ என்பது பலருடைய பழக்கம். எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஃபோர்க் அமுங்க அமுங்க அது சுருங்கி எதிர்த்துத் தள்ளும். 26 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள குழாயில் வெறும் 5 மில்லிலிட்டர் கூடுதலாக ஊற்றினால் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஏறிவிடும். 20 மில்லிலிட்டர் கூடினால் காற்றுக்கு இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் போய்விடும். பயணத்தின் கடைசிப் பகுதியில் ஃபோர்க் கல்லாக நிற்கும், அந்த அழுத்தம் சீலைப் பிதுக்கிவிடும். குறைவாக ஊற்றினாலோ தண்டின் தலை எண்ணெயில் மூழ்காமல் காற்றைக் குடிக்கும். இரண்டு காலிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பழைய எண்ணெய் கொஞ்சம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், முழுவதும் கழற்றிக் கழுவினால் ஓர் அளவும், வெறுமனே வடித்து ஊற்றினால் சற்றுக் குறைவான அளவும் கையேட்டில் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

‘10W’ என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் போதாது. ஃபோர்க் எண்ணெயில் ஒரு நிறுவனத்தின் 10W இன்னொன்றின் 10W-க்குச் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. புட்டியிலோ அதன் விவரத்தாளிலோ 40 டிகிரி வெப்பத்தில் கெட்டித்தன்மை எவ்வளவு என்று cSt என்ற அலகில் போட்டிருக்கும். வேறு எண்ணெய்க்கு மாறும்போது அந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஊட்டியின் குளிர்ந்த காலையிலும் வேலூரின் மே மாத மதியத்திலும் ஒரே எண்ணெயின் கெட்டித்தன்மை மூன்று நான்கு மடங்கு வேறுபடலாம். ஆனாலும் வண்டி இரண்டு இடத்திலும் ஓட்டக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், எதிர்ப்பின் பெரும்பங்கை அந்தக் குட்டையான துளை ஏற்றுக்கொள்வதுதான்.

உங்கள் மெக்கானிக் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஆழமாக அழுத்தி, சட்டென்று விடுங்கள். எழுந்து, சற்றே மேலே போய், இறங்கி நின்றால் எண்ணெய் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை தலையாட்டினால் எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது களைத்துவிட்டது. எழும்போது உச்சியில் ‘டக்’ என்று சத்தம் வந்தாலும் அதே சந்தேகம்தான். பிறகு ஃபோர்க் பைப்பில் விரலை ஓட்டுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒட்டினால் பரவாயில்லை; வளையமாகத் தூசி படிந்து, கீழே பாட்டம் கேஸில் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், வழியும் எண்ணெய் டிஸ்க்கில் படும்.

என்ஜினைப் போல இங்கே எரிதல் இல்லையே, எண்ணெய் எப்படிக் கெடும் என்று நினைக்கலாம். பைப்பும் புஷ்ஷும் உரசி உதிர்க்கும் பொடி எங்கும் போக வழியில்லாமல் அதிலேயே தங்குகிறது. சீல் வழியே ஈரமும் தூசியும் நுழைகின்றன. இங்கே வடிகட்டி கிடையாது. வடிக்கும்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். புதிய எண்ணெய் சிவப்பாகவோ தேன் நிறத்திலோ தெளிவாக இருக்கும். பழையது சாம்பல் நிறத்தில், கிண்ணத்தைச் சாய்த்தால் வெள்ளிப் பொடி போல மின்னும், அழுகிய மீன் போல நாறும். பாலைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தப் பொடிதான் தண்டின் தலையிலுள்ள வளையத்தையும் தேய்க்கிறது. வளையம் தேய்ந்தால் கசிவு இடைவெளி பெரிதாகி, எண்ணெய் துளைக்குப் போகாமல் ஓரமாகவே நழுவிவிடும். அதன் பிறகு எந்த எண்ணெயை ஊற்றினாலும் பழைய கட்டுப்பாடு வராது, வளையத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே மாற்றிவிடுங்கள். கையேட்டில் கால அளவு இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் 20,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று நான் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே செய்ய நினைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஃபோர்க்கின் மேல்மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. முன்சக்கரம் தரையிலிருந்து எழும்படி வண்டியை உறுதியாக நிறுத்தி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றில் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி கழற்றுங்கள். புதிய எண்ணெயை ஊற்றியதும் உடனே மூடிவிட வேண்டாம். ஃபோர்க்கைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முதல் நான்கைந்து முறை எதிர்ப்பு ஒன்றுமே இருக்காது, வளைய இடைவெளியில் நிற்பது இன்னும் காற்றுதான். பிறகு ஒரு முறை இழுக்கும்போது திடீரென்று கையில் கனம் தெரியும். எண்ணெய் துளையைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு மட்டத்தை அளந்து மூடுங்கள்.